மதிப்பீட்டில் இறுதி மதிப்பு 90 சதவீதமாகும்போது: இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூர் மோட்டார் பம்ப் நிறுவனத்துக்காக நீங்கள் தயாரித்த மதிப்பீட்டுத் தாளை வரி வரியாகப் படித்தேன். உங்களுக்குப் பின் வரும் ஆய்வாளர்களுக்கும் இந்தக் கடிதத்தைக் காட்ட எண்ணியிருப்பதால், நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, எண்களையும் முழு எண்களுக்கு நெருக்கமாகச் சுருக்கியே எழுதுகிறேன். விற்பனைக் கணிப்பை விவசாய பம்புகள், வீட்டு உபயோக மோனோபிளாக்குகள், சோலார் பம்புகள் என்று பிரித்துக் கட்டியிருக்கும் விதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என் கவலை முழுவதும் தாளின் கடைசிப் பகுதியைப் பற்றியது.

உங்கள் கணக்கின்படி, முதல் ஐந்து ஆண்டுகளில் நிறுவனம் ஈட்டி, தேவையான முதலீட்டைச் செய்த பிறகு மிஞ்சும் ரொக்கத்தின் நிகழ்கால மதிப்பு 299 கோடி ரூபாய். ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வரும் காலம் முழுவதற்குமான மதிப்பு, அதாவது டெர்மினல் வேல்யூ என்று நாம் அழைக்கும் இறுதி மதிப்பு, இன்றைய பணத்தில் 2,722 கோடி. இரண்டும் சேர்ந்து 3,021 கோடி. ஆக, மொத்த மதிப்பில் 90 சதவீதம் ஒரே ஒரு செல்லில் உள்ள சூத்திரத்திலிருந்து வருகிறது. நீங்கள் டீலர்களிடம் பேசித் திரட்டிய விவரங்கள், பிரிவுவாரியான விலைக் கணிப்பு, செம்பு விலை குறித்த ஆய்வு ஆகிய அனைத்தும் நேரடியாகத் தொடுவது மீதமுள்ள 10 சதவீதத்தை மட்டுமே.

அந்த 90 சதவீதத்துக்குள்ளும் காலம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ரொக்கம் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்து, முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கும் வருவாயான 12 சதவீத மூலதனச் செலவில் இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்யப்படும்போது, இறுதி மதிப்பின் மூன்றில் ஒரு பங்கு இன்றிலிருந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு வரும் பணமாக இருக்கிறது. உங்கள் தாளில் அது ஏறத்தாழ 905 கோடி. இந்நிறுவனத்தின் ஐந்தாண்டுக் கணிப்பு முழுவதையும் விட மூன்று மடங்கு பெரிய அந்தத் தொகையைப் பற்றித் தாளில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. இதைக் கண்டவுடன் நான் சந்தேகப்படுகிறேன். ஆனால் சந்தேகப்படுவதற்கும் ஒரு முறை உண்டு. அதைப் படிப்படியாகக் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: எவ்வளவு இருந்தால் இயல்பு என்று முதலில் கணக்கிடுங்கள்

இறுதி மதிப்பின் பங்கு அதிகமாக இருக்கிறது என்பதே தவறு அன்று. எந்தத் தவறும் இல்லாத, என்றும் ஒரே வேகத்தில் வளரும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும், ஐந்தாண்டுகளில் கோடு போட்டுப் பிரித்தால் மதிப்பின் பெரும்பகுதி கோட்டுக்கு அப்பால்தான் இருக்கும். அந்த இயல்பான பங்கை ஒரு சிறிய சூத்திரம் சொல்லிவிடும்.

```
=((1+g)/(1+r))^n
```

இதில் g என்பது நிரந்தர வளர்ச்சி விகிதம், r என்பது மூலதனச் செலவு, n என்பது விரிவாகக் கணித்த ஆண்டுகளின் எண்ணிக்கை. உங்கள் 6 சதவீதத்தையும் 12 சதவீதத்தையும் இட்டால், ஐந்தாண்டுக்கு 76 சதவீதம் வரும். பத்தாண்டுக்கு 58 சதவீதம் வரும். எனவே "இறுதி மதிப்பு 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்பது போன்ற பொது விதிகளை நான் நம்புவதில்லை. அவை தள்ளுபடி விகிதத்தையும் கணிப்புக் காலத்தையும் பார்க்காமல் சொல்லப்படுபவை.

நாம் விளக்க வேண்டியது 76க்கும் 90க்கும் இடையே உள்ள இடைவெளியை. அதன் ஒரு பகுதிக்கு நியாயமான காரணம் இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளில் விற்பனை ஆண்டுக்கு 15 சதவீதம் வளர்வதாகக் கொண்டிருக்கிறீர்கள். வளரும் நிறுவனம் ஆரம்பத்தில் அதிகம் முதலீடு செய்வதால், ரொக்கம் முதலாண்டில் 46 கோடியாகத் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 140 கோடியாகிறது. இந்த 140 கோடியையே 6 சதவீதம் வளரவிட்டு இறுதி மதிப்பைக் கணக்கிட்டால் பங்கு 82 சதவீதம் அளவில் நிற்கும். அப்படியானால் 82இலிருந்து 90க்கு ஏற்றியது எது? அடுத்த படி அதைக் காட்டும்.

இரண்டாம் படி: கடைசி ஆண்டையும் அதற்கு அடுத்த ஆண்டையும் அருகருகே வையுங்கள்

இறுதி மதிப்புச் சூத்திரத்தின் மேல்பகுதியில் உள்ள எண் ஆறாம் ஆண்டின் ரொக்கம். பல தாள்களில் இது தனியாக ஒரு நிரலில் இருக்காது; சூத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுத்து, ஐந்தாம் ஆண்டு நிரலுக்குப் பக்கத்தில் அதே வரிசையில், விற்பனை, இயக்க லாபம், வரி, தேய்மானம், இயந்திரம் கட்டடங்களுக்கான செலவான கேபெக்ஸ், சரக்கிலும் வர வேண்டிய நிலுவையிலும் முடங்கும் நடைமுறை மூலதனம் என்று முழுமையாக எழுதிப் பாருங்கள். பரிசோதனைகளில் இதற்குத்தான் மிகக் குறைந்த நேரம் ஆகும். பெரும்பாலான குறைகள் இதிலேயே வெளிவந்துவிடும்.

உங்கள் தாளில் ஐந்தாம் ஆண்டு ரொக்கம் 140 கோடி. ஆறாம் ஆண்டு ரொக்கம் 288 கோடி. வளர்ச்சி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறையும் அதே ஆண்டில், ரொக்கம் இரட்டிப்பாகிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் தேடினேன். ஐந்தாம் ஆண்டில் விற்பனை 2,011 கோடி, இயக்க லாபம் அதில் 18 சதவீதம், 25 சதவீத வரிக்குப் பிறகு 271.5 கோடி. அந்த ஆண்டில் புதிய இயந்திரங்களுக்கும் சரக்குக்கும் நிலுவைக்கும் 131 கோடி ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆறாம் ஆண்டுக்கோ, "நிலையான நிலை" என்று குறிப்பெழுதி, கேபெக்ஸைத் தேய்மானத்துக்குச் சமமாக வைத்து, நடைமுறை மூலதன மாற்றத்தைப் பூஜ்யமாக்கிவிட்டீர்கள். அதனால் வரிக்குப் பிந்தைய இயக்க லாபமான 287.8 கோடி முழுவதும் மிஞ்சும் ரொக்கமாகிவிட்டது.

வளர்ச்சி குறைந்தால் முதலீட்டுத் தேவையும் குறையும் என்பது உண்மைதான். நீங்கள் முதல் ஐந்தாண்டுகளுக்குப் பயன்படுத்திய அதே விகிதப்படி, அதாவது ஒவ்வொரு 2 ரூபாய் கூடுதல் விற்பனைக்கும் 1 ரூபாய் மூலதனம் என்றபடி, 6 சதவீத வளர்ச்சிக்குச் சுமார் 60 கோடி போதும். ஆனால் 131 கோடி 60 ஆகக் குறைவது வேறு, பூஜ்யமாவது வேறு.

கேபெக்ஸும் தேய்மானமும் சமம் என்ற அனுமானம் வளர்ச்சியே இல்லாத, பணவீக்கமும் இல்லாத உலகத்துக்குப் பொருந்தும். உங்கள் 6 சதவீதத்தில் பெரும்பகுதி பணவீக்கம்தான். விற்கும் பம்புகளின் எண்ணிக்கை சற்றும் கூடாவிட்டாலும், பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய வைண்டிங் இயந்திரத்தை மாற்ற வேண்டிய நாளில் அதன் விலை ஏறியிருக்கும். தேய்மானமோ பழைய விலையின் மீதே கணக்கிடப்பட்டிருக்கும். எல்லா இயந்திரங்களுக்கும் பத்தாண்டு ஆயுள் என்றும், நேர்கோட்டுத் தேய்மானம் என்றும் கொண்டு, ஆண்டுக்கு 6 சதவீதம் முதலீடு வளர்ந்தால், கேபெக்ஸ் தேய்மானத்தைப் போல் ஏறத்தாழ 1.36 மடங்கு இருக்க வேண்டும். ஆயுள் பதினைந்து ஆண்டானால் 1.54 மடங்கு. அவ்வாறே, டீலர்களிடம் நிற்கும் நிலுவையும் கிடங்கில் இருக்கும் செம்புக் கம்பியும் வார்ப்பும் விற்பனையோடு சேர்ந்து ரூபாயில் வளரத்தான் செய்யும்.

மூன்றாம் படி: வளர்ச்சிக்கு அதன் விலையைக் கொடுக்க வையுங்கள்

இந்தப் படியில் சற்று நின்று நிதானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இறுதி மதிப்பின் மீதான சந்தேகத்துக்கு உண்மையான அடிப்படை இங்கேதான் இருக்கிறது.

ஒரு நிறுவனம் நீண்ட காலத்துக்கு வளர வேண்டுமானால், லாபத்தின் ஒரு பகுதியைத் திரும்பத் தொழிலில் போட வேண்டும். எவ்வளவு போட வேண்டும் என்பது, போடும் ஒவ்வொரு புதிய ரூபாயும் எவ்வளவு ஈட்டும் என்பதைப் பொறுத்தது. புதிய முதலீடு 15 சதவீதம் ஈட்டுமானால், 6 சதவீத வளர்ச்சிக்கு லாபத்தில் 6/15, அதாவது 40 சதவீதத்தைத் திரும்பப் போட வேண்டும். இதையே சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்.

```
TV = NOPAT * (1+g) * (1 - g/RONIC) / (WACC - g)
```

NOPAT என்பது கடைசி ஆண்டின் வரிக்குப் பிந்தைய இயக்க லாபம். RONIC என்பது புதிய முதலீட்டின் மீதான வருவாய் விகிதம். WACC என்பது மூலதனச் செலவு. நீங்கள் பயன்படுத்திய சூத்திரத்தில் நடுவில் உள்ள அடைப்புக்குறிப் பகுதி இல்லை. அது இல்லை என்றால், புதிய முதலீட்டின் வருவாய் விகிதம் முடிவிலி என்று அனுமானித்ததாகப் பொருள்படும்: ஒரு ரூபாயும் போடாமல் நிறுவனம் என்றென்றும் வளர்கிறது.

இப்போது அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்ப்போம். உங்கள் தாளில் ஐந்தாம் ஆண்டு முடிவில் இறுதி மதிப்பு, தள்ளுபடிக்கு முன், 4,797 கோடி. புதிய முதலீடு 18 சதவீதம் ஈட்டும் என்று கொண்டால் அது 3,198 கோடியாகிறது. 15 சதவீதம் என்றால் 2,878 கோடி. மூலதனச் செலவுக்குச் சமமாக 12 சதவீதம் மட்டுமே ஈட்டும் என்றால் 2,398 கோடி, அதாவது சரிபாதி. லாபக் கணிப்பும், வளர்ச்சி விகிதமும், தள்ளுபடி விகிதமும் எதுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? நிறுவனம் இப்போது தன் மூலதனத்தின் மீது 21 சதவீதம் ஈட்டுகிறது. ஆனால் கேள்வி பழைய மூலதனத்தைப் பற்றியது அன்று. பல ஆண்டுகளாகக் கட்டிய டீலர் வலைப்பின்னலும், விவசாயிகளிடம் உள்ள பெயரும், எப்போதோ குறைந்த விலையில் வாங்கிய நிலமும் அந்த 21 சதவீதத்துக்குள் இருக்கின்றன. 20 ஆண்டுகள் கழித்துப் புதிய மாநிலத்தில், அந்நாளைய நில விலையில் கட்டப்படும் ஆலை, ராஜ்கோட்டிலிருந்து வரும் சப்மெர்சிபிள் மோட்டார்களோடு விலையில் போட்டியிட்டு அதே 21 சதவீதத்தை ஈட்டும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பிராண்டுக்கு மதிப்பு உண்டு என்பதால் 12க்கு இறங்கவும் எனக்கு மனமில்லை. 15 என்பது என் தேர்வு. உங்களுக்கு 17 என்று தோன்றினால் அதற்கான காரணத்தை எழுதுங்கள். காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.

இந்தச் சூத்திரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. உங்கள் தாளின் கூர்மைப் பட்டியலில் g மதிப்பை 5, 6, 7 என்று மாற்றியிருக்கிறீர்கள். மொத்த மதிப்பு முறையே 2,610, 3,021, 3,596 கோடி என்று தாவுகிறது. இதைப் பார்த்து "இறுதி மதிப்பு வளர்ச்சி விகிதத்துக்கு மிகவும் கூர்மையாக மாறுகிறது" என்று குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பு பாதி உண்மை. புதிய முதலீட்டின் வருவாயை 15 சதவீதமாக வைத்து அதே மாற்றத்தைச் செய்தால், தள்ளுபடிக்கு முந்தைய இறுதி மதிப்பு 2,715, 2,878, 3,099 கோடி என்று மெதுவாக நகர்கிறது. அதே மாற்றத்தில் உங்கள் சூத்திரத்தின் இறுதி மதிப்பு ஒரு பக்கம் 21 சதவீதமும் மறுபக்கம் 15 சதவீதமும் அசைகிறது. இங்கே 8 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. வளர்ச்சி கூடும்போது அதற்கான முதலீடும் கூடி, ஒன்று மற்றொன்றை ஈடுசெய்வதே காரணம். ஆகவே g சிறிதளவு மாறினாலே மதிப்பு பெரிதும் தாவும் தாளைக் கண்டால், அங்கே வளர்ச்சி இலவசமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் ஐயப்படுங்கள்.

மூலதனச் செலவு விஷயத்தில் இந்த ஆறுதல் கிடையாது. அதை 12இலிருந்து 11 ஆக்கினால் உங்கள் தாளிலும் என் திருத்தத்திலும் மதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அதைச் சூத்திரத்தால் தீர்க்க முடியாது. கடைசியில் வீச்சாகத்தான் எழுத வேண்டும்.

நான்காம் படி: வளர்ச்சி விகிதத்தின் உச்சவரம்பு

இதில் உங்களோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். உங்கள் 6 சதவீதம் என்றால், பணவீக்கம் போக உண்மை வளர்ச்சி ஏறத்தாழ 2 சதவீதம். நிரந்தரம் என்ற சொல்லுக்கு அது தாங்கும். மொத்தப் பொருளாதாரத்தின் வளர்ச்சியை விட வேகமாக ஒரு நிறுவனம் என்றென்றும் வளர்ந்தால் ஒரு நாள் அது பொருளாதாரத்தை விடப் பெரிதாகிவிடும் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அரசுக் கடன் பத்திரத்தின் நீண்டகால வட்டி விகிதத்தை உச்சவரம்பாகக் கொள்ளும் வழக்கமும் இதனாலேயே வந்தது. g மெல்ல r-ஐ நெருங்க நெருங்க மதிப்பு முடிவிலியை நோக்கி ஓடும் என்ற ஆபத்தை, வளர்ச்சிப் பங்குகளைக் குறித்து 1957இல் எழுதிய டேவிட் டுராண்ட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் புதிர் என்ற பழைய சூதாட்டக் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறார். வட்டி விகிதம் இறங்கும் காலங்களில், r குறைக்கப்பட்டு g பழையபடியே விடப்படும் தாள்கள் பெருகும். அப்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கடைசி ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு?

இறுதி மதிப்பு ஐந்தாம் ஆண்டு லாபத்தை அப்படியே பிடித்து நிரந்தரமாக்குகிறது. அந்த ஆண்டு இயல்பான ஆண்டாக இல்லாவிட்டால், அதன் குறை முடிவில்லாமல் பெருகும். உங்கள் கணிப்பில் இயக்க லாப விகிதம் 14 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு புள்ளி உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 18 சதவீதத்தைத் தொடுகிறது. அதாவது கணிப்பின் உச்சிப் புள்ளியே நிரந்தரத்தின் தொடக்கப் புள்ளியாகிவிட்டது.

இந்த உயர்வுக்கு நீங்கள் சொல்லும் காரணம் சோலார் பம்புகள். 2019இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தின் மானியத்தில் விவசாயிகளுக்குச் சோலார் பம்புகள் கிடைக்கின்றன; அந்த ஒப்பந்தங்கள் இந்நிறுவனத்தின் விற்பனையையும் லாபத்தையும் உயர்த்தும் என்று ஐந்தாண்டுகளுக்குச் சொல்வதில் தவறில்லை. ஆனால் மானியத் திட்டத்துக்கு ஒதுக்கீடும் முடிவும் உண்டு. அடுத்த திட்டம் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் டெண்டர் விலை இதே அளவில் இருக்குமா என்பது தெரியாது. திட்டத்தால் வரும் லாபத்தை விரிவான கணிப்புக் காலத்துக்குள் தாராளமாக எழுதுங்கள், நிரந்தரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். செம்பு விலை குறைந்திருந்த ஆண்டு, மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய ஆண்டு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

நிரந்தரத்துக்கான லாப விகிதத்தைத் தேர, நிறுவனத்தின் கடந்த பத்தாண்டு அறிக்கைகளை எடுத்து, நல்ல பருவமும் கெட்ட பருவமும் சேர்ந்த சராசரியைப் பாருங்கள். நான் 15 சதவீதம் என்று கொள்கிறேன். இது இன்றைய 14ஐ விட ஒரு புள்ளி அதிகம். அளவு பெருகியதன் பலனுக்கு அது போதும்.

ஆறாம் படி: இடையில் ஒரு பாலம் கட்டுங்கள்

15 சதவீத வளர்ச்சியும் 18 சதவீத லாப விகிதமும் கொண்ட நிறுவனம் ஓர் இரவில் 6 சதவீத வளர்ச்சியும் 15 சதவீத லாப விகிதமும் கொண்டதாக மாறாது. ஆகவே ஆறாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டு வரை இறக்கக் காலம் ஒன்றைச் சேர்த்தேன். வளர்ச்சி 13, 11, 9, 8, 7 சதவீதம் என்று இறங்குகிறது; லாப விகிதம் ஐந்தாண்டுகளில் சீராகக் குறைந்து 15 சதவீதத்தை அடைகிறது; கூடுதல் விற்பனைக்கான மூலதன விகிதம் நீங்கள் வைத்ததுபோலவே இருக்கிறது. உங்கள் முதல் ஐந்து ஆண்டுகளை நான் தொடவே இல்லை.

இறக்கக் காலத்தின் ரொக்கம் ஆறாம் ஆண்டில் 166 கோடியாகத் தொடங்கிப் பத்தாம் ஆண்டில் 254 கோடியாகிறது. அந்த ஐந்தாண்டுகளின் நிகழ்கால மதிப்பு 427 கோடி. பத்தாம் ஆண்டில் வரிக்குப் பிந்தைய இயக்க லாபம் 357.5 கோடி. அதை 6 சதவீதம் வளர்த்து, 40 சதவீதத்தைத் திரும்பத் தொழிலில் போட்டால் பதினோராம் ஆண்டில் மிஞ்சுவது 227 கோடி. இது பத்தாம் ஆண்டை விடக் குறைவாக இருப்பது உங்களை உறுத்தக்கூடும். புதிய முதலீடு இனி 15 சதவீதமே ஈட்டும் என்ற அனுமானம் அந்த ஆண்டில் நடைமுறைக்கு வருவதால் ஏற்படும் இறக்கம் அது. விரும்பினால் அதையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகப் பரப்பலாம். இறுதி மதிப்பு பத்தாம் ஆண்டு முடிவில் சுமார் 3,790 கோடி, இன்றைய மதிப்பில் 1,220 கோடி.

மூன்று பகுதிகளையும் கூட்டினால் 299, 427, 1,220 சேர்ந்து 1,946 கோடி. உங்கள் 3,021 கோடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இறுதி மதிப்பின் பங்கு 63 சதவீதம்; பத்தாண்டுக் கணிப்புக்கு இயல்பானது என்று முதல் படியில் கண்ட 58 சதவீதத்துக்கு அருகில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பங்கைக் குறைத்துக் காட்டுவதற்காக மட்டும் கணிப்பைப் பத்தாண்டுக்கு நீட்டுபவர்கள் உண்டு. அனுமானங்களை அப்படியே வைத்துக்கொண்டு நீட்டினால் பங்கு தானாகக் குறையும். மொத்த மதிப்பு ஒரு ரூபாய்கூட மாறாது. சந்தேகத்துக்குரிய பணம் இறுதி மதிப்பு என்ற தலைப்பிலிருந்து ஒன்பதாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்ற தலைப்புகளுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். நீட்டிய பிறகு மதிப்பு மாறினால், எந்த அனுமானத்தால் மாறியது என்று சொல்ல முடிய வேண்டும். நம் கணக்கில் அது லாப விகிதமும் திரும்பப் போடும் பங்கும்.

ஏழாம் படி: மடங்கு முறையில் ஒளிந்துகொள்ளாதீர்கள்

தாளின் ஓரத்தில், வரிக்குப் பிந்தைய இயக்க லாபத்தின் 20 மடங்குக்கு ஐந்தாம் ஆண்டில் நிறுவனத்தை விற்றதாகக் கொண்டால் மதிப்பு இன்னும் கூடும் என்று ஒரு மாற்றுக் கணக்கு போட்டு, அதைச் சரிபார்ப்பு என்று அழைத்திருக்கிறீர்கள். அந்த 20 மடங்கு இன்றைய சந்தையில் பட்டியலிடப்பட்ட பம்ப் நிறுவனங்களின் சராசரி. சந்தை விலை சரியா என்று சோதிக்கக் கட்டிய தாளுக்குள் சந்தை விலையையே உள்ளே விட்டால், விடை கேள்வியோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை. மேலும், இன்று வேகமாக வளரும் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் மடங்கை, வளர்ச்சி அடங்கிய பிறகான ஐந்தாம் ஆண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம்.

மடங்கைப் பயன்படுத்துவதை நான் தடுக்கவில்லை. அதை மேலே உள்ள சூத்திரத்துக்குள் திருப்பிப் போட்டு, எந்த வளர்ச்சியை அது கோருகிறது என்று பாருங்கள். புதிய முதலீட்டுக்கு 18 சதவீத வருவாய் என்று தாராளமாகக் கொடுத்தாலும், 20 மடங்கு நியாயமாக வேண்டுமானால் நிறுவனம் என்றென்றும் ஆண்டுக்கு 9.4 சதவீதம் வளர வேண்டும். என் திருத்தத்தில் பத்தாம் ஆண்டு இறுதி மதிப்பு லாபத்தின் 10.6 மடங்கு. முதிர்ந்த, மெதுவாக வளரும் உற்பத்தி நிறுவனத்துக்கு அது குறைவாகத் தோன்றினால், அதை எதிர்த்து வாதிடுங்கள்; ஆனால் வாதம் லாபம், முதலீடு, போட்டி ஆகியவற்றைப் பற்றியதாக இருக்கட்டும்.

சந்தேகம் தேவையற்ற இடங்களும், சூத்திரமே பொருந்தாத இடங்களும்

சில நிறுவனங்களுக்கு இறுதி மதிப்பின் பங்கு இயல்பாகவே 90ஐத் தாண்டும். இன்னும் பெரும் முதலீட்டுக் கட்டத்தில் இருப்பதால் முதல் ஐந்தாண்டுகளில் ரொக்கமே மிஞ்சாத நிறுவனத்தில் பங்கு 100 சதவீதத்தைத் தாண்டினாலும் அது தானாகக் குற்றமாகாது. அங்கே கணிப்புக் காலத்தை, முதலீடு முடிந்து தொழில் அடங்கும் ஆண்டு வரை நீட்டுவதே வழி. அதற்கு முன் கோடு போட்டால் எந்தச் சூத்திரமும் உதவாது.

மறுபுறம், சுங்கச் சாலை, சுரங்கக் குத்தகை போன்றவற்றுக்கு நிரந்தர வளர்ச்சிச் சூத்திரம் அறவே கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சாலை அரசிடம் திரும்பிவிடும். சுரங்கத்தில் தாது தீர்ந்துவிடும். அங்கே கடைசி ஆண்டு வரை ஆண்டுவாரியாகக் கணித்து, முடிவில் எஞ்சும் நடைமுறை மூலதனத்தைச் சேர்த்து, சுரங்கமானால் நிலத்தைச் சீரமைக்கும் செலவைக் கழித்து முடிக்க வேண்டும். நம் பம்ப் நிறுவனம் இந்த இரு வகைகளிலும் சேராது.

அறிக்கையில் எழுதும் விதம்

இறுதி மதிப்பின் பங்கை அடிக்குறிப்பில் புதைக்காமல், மதிப்பு எழுதும் அதே பத்தியில் எழுதுங்கள். அதன் அருகே இயல்பான பங்கையும், லாப விகிதம், திரும்பப் போடும் பங்கு, புதிய முதலீட்டின் வருவாய் ஆகிய மூன்று அனுமானங்களையும் சொற்களில் சொல்லுங்கள். கூர்மைப் பட்டியலில் g-யும் மூலதனச் செலவும் என்ற வழக்கமான ஜோடிக்குப் பதிலாக, மூலதனச் செலவையும் நிரந்தர லாப விகிதத்தையும் வையுங்கள். இந்நிறுவனத்தில் கருத்து வேறுபாடு எழக்கூடிய இடங்கள் அவையே. புதிய முதலீட்டின் வருவாயை 12, 15, 18 என்று மூன்று நிலைகளில் தனியாகக் காட்டுங்கள். மதிப்பை ஒற்றை எண்ணாக இல்லாமல் வீச்சாகக் கொடுங்கள். முதலீட்டுக் குழுவில் எவரேனும் "பின் எந்த எண்ணை எடுத்துக்கொள்வது?" என்று கேட்பார்கள். எந்த அனுமானத்தை அவர்கள் நம்புகிறார்களோ அதற்குரிய எண்ணை என்று பதில் சொல்லலாம்.

திருத்திய தாளை உடனே அனுப்ப வேண்டாம். இரண்டு விவரங்கள் எனக்கு முதலில் வேண்டும்: கடந்த ஆண்டு விற்பனையில் அரசு சோலார் டெண்டர்கள் வழியாக வந்த பங்கு எவ்வளவு என்பதும், அந்த நிலுவைகள் வசூலாகச் சராசரியாக எத்தனை நாட்கள் ஆகின்றன என்பதும். முதலாவது 15 சதவீத லாப விகிதத்தையும், இரண்டாவது 2 ரூபாய் விற்பனைக்கு 1 ரூபாய் மூலதனம் என்ற உங்கள் விகிதத்தையும் உறுதி செய்யும் அல்லது மாற்றும். நிறுவனத்தின் நிதிப் பிரிவிடம் கேட்டு எழுதுங்கள். அவை வந்த பிறகு இலக்கு விலையைப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக ஊழியன்